கீழே ஆளில்லாத உயர்பதவி

கூகுள் நிறுவனத்தில் ஒவ்வொரு பொறியாளருக்கும் ஒரு லெவல் எண் உண்டு. கல்லூரி முடித்து நேராக வருபவர் பொதுவாக 3இல் சேர்வார். வேலையும் அனுபவமும் கூடக்கூட 4, 5, 6 என்று எண் ஏறும். 8, 9 என்பதெல்லாம் பெரும்பாலோர் பணிக்காலம் முழுவதும் தொடாத உயரம். 2018ஆம் ஆண்டு நிலவரப்படி அங்கே 11ஆம் லெவலில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜெஃப் டீன். இன்னொருவர் ராஜஸ்தானின் கோட்டாவில் வளர்ந்த சஞ்சய் கெமாவத். இருவரும் ஒரே கணினியின் முன் அருகருகே உட்கார்ந்து நிரல் எழுதிப் பழகியவர்கள். ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்துச் செய்துமுடிக்கும் ‘மேப்ரெட்யூஸ்’ முறையைப் பற்றி 2004இல் சேர்ந்து கட்டுரை வெளியிட்டவர்கள்.

அதே 2018இல் டீன், கூகுளின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கே தலைவரானார். பல ஆயிரம் பேர் அவருக்குக் கீழே வந்தார்கள். கெமாவத்துக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அவர் தொடர்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஆனாலும் இருவருக்கும் லெவல் ஒன்றே.

மென்பொருள் உலகத்துக்கு வெளியே இருக்கும் பலருக்கு இது நம்ப முடியாத ஏற்பாடாகத் தோன்றும். உயர்வது என்றால் கீழே ஆள் சேர்வது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். பெண் பார்க்கப் போகும் வீட்டில்கூட “மாப்பிள்ளைக்குக் கீழ எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?” என்று கேட்பது வழக்கம். “யாரும் இல்லை, ஆனால் டைரக்டர் சம்பளம்” என்று பதில் வந்தால் கேட்டவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலும், கோவையிலும், பெங்களூரிலும் இந்தக் குழப்பத்தோடு இன்று பலர் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. எட்டு, ஒன்பது வருட அனுபவம் வந்ததும் அப்ரைசல் நேரத்தில் மேலதிகாரி கேட்கிறார்: “மேனேஜர் பக்கம் போறீங்களா, இல்ல டெக்னிகல் பக்கமே இருக்கீங்களா? ரெண்டுலயும் சம்பளம் ஒண்ணுதான்.”

அந்தக் கடைசி வாக்கியம் எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1960களின் தொடக்கத்திலேயே ஐபிஎம் நிறுவனம் தன் தலைசிறந்த ஆய்வாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ‘ஐபிஎம் ஃபெல்லோ’ என்ற நிலையை உருவாக்கியது. நிர்வாகப் பொறுப்பு எதையும் சுமக்காமல், தாங்கள் விரும்பும் ஆய்வைச் செய்ய அவர்களுக்குச் சுதந்திரம் தரப்பட்டது. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் 1963இல் ஃபெல்லோ ஆனார். நல்ல ஆய்வாளரை மேனேஜர் ஆக்கினால் கம்பெனிக்கு ஒரு ஆய்வாளர் குறைவார், ஒரு சுமாரான மேனேஜர் கூடுவார் என்ற அனுபவம்தான் இதற்குப் பின்னால் இருந்தது. மேனேஜர் ஆகாவிட்டால் சம்பளம் ஏறாது என்று இருக்கும் இடத்தில், வேலையில் கெட்டிக்காரர்கள் விருப்பமில்லாமலே மேனேஜர் ஆகிறார்கள். அந்தக் கட்டாயத்தை நீக்கத்தான் இரண்டாவது ஏணி வந்தது.

இன்றைய நிலையில் மெட்டா நிறுவனத்தின் அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே பொறியாளர்களின் படிகள் இ3, இ4, இ5 என்று போகும். இ5 வரை ஒரே பாதைதான். அதற்கு மேலே இரண்டாகப் பிரிகிறது. இ6 பொறியாளரும் எம்1 மேனேஜரும் சமம். இ7க்கு எம்2 சமம். இ8க்கு டைரக்டர் சமம். ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு படிகளுக்கும் சம்பள வரம்பு, போனஸ் விகிதம், கம்பெனிப் பங்குகள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே வைக்கப்படுகின்றன. ஒரு இ6 பொறியாளர் எம்1 ஆனால் அது பதவி உயர்வு அல்ல, வேலை மாற்றம். ஆகவே சம்பளமும் உடனே கூடாது. இப்படித் தனித்து நின்று வேலை செய்பவர்களை நம் ஊர் அலுவலகங்களிலும் ‘ஐசி’ என்கிறார்கள். ஐந்தாம் படிக்கு மேலே போனால் ஸ்டாஃப் இன்ஜினியர், சீனியர் ஸ்டாஃப், பிரின்சிபல் என்று பெயர்கள் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், அடுக்கு பெரும்பாலும் இதுதான்.

அட்டவணையில் இரண்டு ஏணியும் ஒரே உயரம்தான். ஆனால் அவற்றில் ஏறும் விதம் வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் தேர்ந்தெடுத்தவர்கள்தான் நாலைந்து வருடம் கழித்து ஏமாற்றத்தோடு பேசுகிறார்கள்.

மேனேஜர் ஏணியில் காலியிடம் ஒருவரை மேலே இழுக்கிறது. ஒரு மேனேஜர் ஏழு முதல் பத்துப் பேரைக் கவனிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், எழுபது பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் எட்டு, ஒன்பது மேனேஜர்கள் இருந்தே தீர வேண்டும். அவர்களைக் கவனிக்க ஒருவரோ இருவரோ வேண்டும். கம்பெனி வளர்ந்து பொறியாளர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டினால், மூன்று நான்கு மேனேஜர் இடங்கள் தாமாகவே பிறக்கும். யாரையாவது அங்கே உட்கார வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இருப்பவருக்கு வாய்ப்பு வருகிறது.

நிபுணர் ஏணியில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. எழுபது பேருக்கு இத்தனை ஸ்டாஃப் இன்ஜினியர் கட்டாயம் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு பேர் இருந்தாலும் கம்பெனி ஓடும், ஒருவரும் இல்லாவிட்டாலும் கொஞ்ச நாள் ஓடும். ஆகவே அங்கே யாரும் இழுத்துவிட மாட்டார்கள். தன் வேலை அந்தப் படிக்குரியதுதான் என்று ஒருவர் சான்றுகளோடு நிரூபிக்க வேண்டும். பல கம்பெனிகளில் ஆறாம் படியில் மேனேஜர்களைவிட நிபுணர்கள் குறைவாக இருப்பதற்கும், ஏழு, எட்டில் விரல்விட்டு எண்ணும்படி ஆவதற்கும் இதுவே காரணம். கம்பெனி வேகமாக வளரும் காலத்தில் மேனேஜர் பாதை சீக்கிரம் ஏறும். வளர்ச்சி நின்றுவிட்டால் அந்தப் பாதை அப்படியே உறைந்துவிடும். நிபுணர் பாதை இரண்டு காலத்திலும் மெதுவாகவே நகரும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய நம் நாட்டு அரசு அறிவியல் துறைகள் ஒரு வழி கண்டிருக்கின்றன. அதைப் பற்றி மென்பொருள் உலகம் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். மத்திய அரசின் அறிவியல் துறைகளில் ‘ஃப்ளெக்சிபிள் காம்ப்ளிமென்ட்டிங் ஸ்கீம்’ என்று ஒரு பதவி உயர்வு முறை இருக்கிறது. 1998இலும் 2010இலும் அதன் விதிகள் திருத்தி அமைக்கப்பட்டன. இதன்படி விஞ்ஞானி ‘பி’ நிலையில் சேருபவர் மூன்று வருடம் கழித்து ‘சி’ நிலைக்கான மதிப்பீட்டுக்குத் தகுதி பெறுவார். அதன்பின் ‘டி’, ‘இ’ நிலைகளுக்கு நான்கு நான்கு வருடம், ‘எஃப்’, ‘ஜி’ நிலைகளுக்கு ஐந்து ஐந்து வருடம். மேலே காலியிடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆண்டு அறிக்கைகளையும் நேர்காணலையும் வைத்து அவர் செய்த வேலையை மதிப்பிடுகிறார்கள். தேறிவிட்டால் அவர் உட்கார்ந்திருக்கும் பணியிடமே அவருக்காக உயர்த்தப்படுகிறது. அவர் ஓய்வுபெற்றோ விலகியோ போனால் அந்த இடம் மறுபடியும் தொடக்க நிலைக்கு இறங்கிவிடும். அதாவது உயர்வு நாற்காலிக்கு இல்லை, ஆளுக்குத்தான்.

ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் விஞ்ஞானி ‘பி’ 10ஆம் நிலையில் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறார். விஞ்ஞானி ‘ஜி’ 14ஆம் நிலையில் 1,44,200 ரூபாயில். மத்திய அரசில் ஒரு இணைச் செயலாளருக்கும் இதே 14ஆம் நிலைதான். ஆய்வகத்தில் இரண்டு உதவியாளர்களோடு வேலை செய்யும் விஞ்ஞானியும், டெல்லியில் ஒரு அமைச்சகத்தின் பெரும் பகுதியை நிர்வகிக்கும் அதிகாரியும் ஒரே சம்பள நிலை. இஸ்ரோவிலும் அணுசக்தித் துறையிலும் தங்களுக்கென்று தனியான தகுதி உயர்வு முறை இருக்கிறது. மகேந்திரகிரியிலோ கல்பாக்கத்திலோ வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கிரேடு வேறு, பொறுப்பு வேறு. பிரிவுத் தலைவர், குழு இயக்குநர் என்பவை பொறுப்புகள். சம்பளம் கிரேடைப் பொறுத்தது. ஒரே கிரேடில் ஒருவர் ஐம்பது பேர் கொண்ட பிரிவை நடத்துவார், இன்னொருவர் ஒரு வால்வின் வடிவமைப்பில் மூழ்கியிருப்பார்.

இந்த முறையிலும் குறை உண்டு. காலியிடம் தேவையில்லை என்றதும் உயர்வு வருடக் கணக்கில் வந்துவிடும் என்ற மனப்பான்மை வளர்கிறது. மதிப்பீடு தளர்ந்தால் எல்லோரும் மேலே போய்விடுவார்கள், அப்போது நிலைக்கு மதிப்பிருக்காது. தனியார் கம்பெனியில் இதற்கு நேரெதிரான ஆபத்து. மதிப்பீடு கடுமையாக இருக்கும், அல்லது மதிப்பிட ஆளே இருக்காது.

இப்போது ஒருவருடைய நிலைமையை எடுத்துப் பார்ப்போம். சோழிங்கநல்லூரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சென்னை மையம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒன்பது வருட அனுபவமுள்ள ஒரு பெண் பொறியாளர். வணிகர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் மென்பொருள் அவர் கையில். ஐந்தாம் படி, வருடச் சம்பளம் 40 லட்சம். அவருடைய மேனேஜர் வேறு பிரிவுக்குப் போகிறார். ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவை இவர் ஏற்றுக்கொண்டால் ஆறாம் படி, 48 லட்சம். வேண்டாம் என்றால் நிபுணர் பாதையில் அதே ஆறாம் படிக்கு முயலலாம். ஆனால் அதற்கு இரண்டு வருடமாவது ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் பணக் கணக்கு. வருடத்துக்கு 8 லட்சம் வீதம் இரண்டு வருடத்துக்கு 16 லட்சம் வித்தியாசம். இந்த வருமானத்தில் மேற்கொண்டு வரும் பணத்துக்கு வரி, செஸ் சேர்த்து ஏறத்தாழ 31 சதவீதம் போகும். கையில் மிஞ்சுவது சுமார் 11 லட்சம். இரண்டு வருடத்தில் நிபுணர் உயர்வு கிடைத்துவிட்டால் அதன்பின் இருவர் சம்பளமும் ஒன்று. நான்கு வருடம் ஆனால் வித்தியாசம் 22 லட்சம். கிடைக்கவே இல்லை என்றால் வித்தியாசம் நின்றபாடில்லை. “சம்பளம் ஒண்ணுதான்” என்ற வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் விலை இதுதான். ஆறாம் படியில் நிற்பவர்களுக்கிடையே சம்பளம் சமம். அந்தப் படிக்குப் போய்ச்சேரும் காலம் சமமல்ல. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் இந்த 11 லட்சத்தைக் காரணமாகச் சொல்லி மேனேஜர் ஆனால், அதில் எந்தத் தவறும் இல்லை. என்ன விலைக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

அடுத்தது அவருடைய வாரம் எப்படி மாறும் என்பது. மேனேஜர் ஆனால் ஏழு பேரோடும் வாரம் அரை மணி நேரம் தனித்தனியாகப் பேச வேண்டும். அது மூன்றரை மணி நேரம். இரண்டு இடம் காலியாக இருந்தால் வாரத்துக்கு நாலைந்து இன்டர்வியூ. அமெரிக்கக் குழுவோடு இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம். அப்ரைசல் சீசன் வந்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் மதிப்பீடு எழுதி, மற்ற மேனேஜர்கள் முன்னால் அதற்காக வாதாட வேண்டும். அந்த வாதத்தில் தோற்றால், தான் நல்லவர் என்று நம்பும் ஒருவரிடம் போய் “இந்த வருஷம் ஹைக் கம்மிதான்” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் நிரல் எழுதுவது ஏறத்தாழ நின்றுவிடும். காலையில் தொடங்கிய ஒரு சிக்கலை மாலைக்குள் அவிழ்த்துவிட்டுப் போகும் திருப்தி இந்த வேலையில் கிடையாது. ஒரு புதியவரைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று தெரியவே எட்டு மாதம் ஆகும். அந்த மாதிரி மெதுவான பலனில் உண்மையாகவே மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். தனக்குக் கீழே இருந்த தயங்கும் பையன் ஒருவன் முதல் தடவை பெரிய கூட்டத்தில் தடுமாறாமல் பேசியதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள். அவர்கள் மேனேஜர் ஆக வேண்டியவர்கள்.

நிபுணர் பாதையைப் பற்றி ஒரு பெரிய தவறான எண்ணம் உலவுகிறது. “எனக்கு மனுஷங்களோட மல்லுக்கட்ட முடியாது, அதனால டெக்னிகல் பக்கமே இருந்துடுறேன்” என்பார்கள். ஐந்தாம் படி வரை அது செல்லும். ஆறாம் படியிலிருந்து நிபுணரின் வேலையில் பாதிக்கு மேல் மனிதர்களோடுதான். அதிலும் ஒரு கூடுதல் சிரமம்: அவர்களில் யாரும் இவருக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை.

நம் பொறியாளரின் உதாரணத்திலேயே இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு இரவும் வங்கியிலிருந்து வரும் கணக்கும் கம்பெனியின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் வேலை நடக்கிறது. அடிக்கடி ஒத்துப்போவதில்லை. காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கையால் தேடித் தீர்க்கிறார்கள். இவர் நினைத்தால் ஒரு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து, தன் குழுவின் நிரலைத் திருத்தி, பாதிப் பிழைகளைப் போக்கிவிடலாம். எல்லோரும் பாராட்டுவார்கள். “அவங்க இல்லாம இந்த சிஸ்டம் ஓடாது” என்பார்கள். ஆனால் ஆறாம் படிக்கு அது சான்றாகாது. மதிப்பீட்டுக் குழுவில் உட்காருபவர்களின் கண்ணில் அது ஐந்தாம் படி வேலையை மிக நன்றாகச் செய்ததற்கான சான்று, அவ்வளவுதான். கெட்டிக்காரப் பொறியாளர்கள் பலர் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. உழைப்பைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், படி மட்டும் ஏறுவதில்லை.

ஆறாம் படி வேலை இப்படி இருக்கும். பிழை எங்கே பிறக்கிறது என்று அவர் தேடுகிறார். பட்டுவாடா, பணம் திரும்பத் தருதல், வங்கித் தொடர்பு ஆகிய மூன்று குழுக்களும் ஒரே பரிவர்த்தனைக்கு வெவ்வேறு அடையாள எண் வைத்திருப்பதுதான் மூலக் காரணம் என்று கண்டுபிடிக்கிறார். ஐந்தாறு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதுகிறார். மூன்று குழுக்களும் ஒரே எண்ணுக்கு மாற வேண்டும், அதற்கு ஒவ்வொரு குழுவும் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்தால் நடுவில் பணம் தொலையாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு குழுக்கள் ஒப்புக்கொள்கின்றன. மூன்றாவது குழு “எங்களுக்கு இந்த காலாண்டு வேற வேலை இருக்கு” என்கிறது. அந்தக் குழுவின் மூத்த பொறியாளரோடு மூன்று தடவை உட்கார்ந்து, அவர்களுடைய கஷ்டத்தைக் கேட்டு, திட்டத்தையே கொஞ்சம் மாற்றி, ஒருவழியாக இணங்க வைக்கிறார். நிரலின் பெரும்பகுதியை எழுதுவது மற்றவர்கள். ஒன்பது மாதம் கழித்து காலை நேரத் தேடல் வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைகிறது. இப்போது சான்று இருக்கிறது: முன்பு என்ன, பின்பு என்ன, யாருடைய முடிவுகள் இவரால் மாறின. வேறு குழுவின் மூத்தவர்கள் இரண்டு பேர் இவருக்காக எழுதித் தருவார்கள். அந்த எழுத்துக்குத் தன் மேனேஜரின் பாராட்டைவிட எடை அதிகம்.

இந்த வகை வேலையைப் பற்றி வில் லார்சன் என்ற பொறியாளர் 2021இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதில் அவர் இந்தப் படியில் இருப்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார். ஒரு குழுவுக்குத் தொழில்நுட்ப வழிகாட்டியாக இருப்பவர், ஒரு பெரிய பகுதியின் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்பவர், எங்கே தீ எரிகிறதோ அங்கே போய் அணைப்பவர், உயர் அதிகாரி ஒருவரின் வலது கையாக இருப்பவர். நான்காவது வகைக்கும் மேனேஜருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. மூன்றாவது வகைக்கு மட்டும்தான் தனியாக உட்கார்ந்து சிக்கலை அவிழ்க்கும் நேரம் நிறையக் கிடைக்கும். தனிமை விரும்பி நிபுணர் பாதைக்குப் போகிறவர், தன் கம்பெனியில் மூன்றாவது வகைக்கு இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, கம்பெனி காட்டும் இரண்டாவது ஏணி உண்மையானதா, காகிதத்தில் வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சம்பள அட்டவணையைக் கேட்பதில் பயனில்லை, அது எல்லா இடத்திலும் அழகாகவே இருக்கும். ஆட்களைக் கேட்க வேண்டும். நம் சென்னை மையத்தில் ஆறு, ஏழாம் படியில் எத்தனை நிபுணர்கள் இருக்கிறார்கள், எத்தனை மேனேஜர்கள் இருக்கிறார்கள்? அந்த நிபுணர்களில் இங்கேயே ஐந்திலிருந்து ஏறியவர்கள் எத்தனை பேர், வெளியிலிருந்து அந்தப் படியிலேயே வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால், ஏணி இருக்கிறது, ஆனால் நடுவில் கால் வைக்கப் படி இல்லை என்று பொருள். கடைசியாக உயர்வு பெற்றவர் யார், அவர் என்ன செய்தார் என்று கேட்டால் ஒரு கதை கிடைக்க வேண்டும். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த உயர்வு அபூர்வமாக நடக்கிறது.

சென்னை, பெங்களூர் மையங்களுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. முக்கியமான முடிவுகள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டு, இங்கே செய்துகொடுக்கும் வேலை மட்டும் வருமானால், ஆறாம் படிச் சான்று உருவாகவே வழியில்லை. மூன்று குழுக்களின் திட்டத்தை மாற்றுவதற்கு அந்தத் திட்டம் இங்கே தீர்மானிக்கப்பட வேண்டும். திறமை குறைவால் அல்லாமல், வேலை வந்து சேரும் விதத்தால் இங்கே நிபுணர் பாதை ஐந்தில் முட்டி நிற்கும் மையங்கள் உண்டு. அதே மையத்தில் மேனேஜர் பாதை தடையில்லாமல் ஏறும், ஏனென்றால் ஆள் எண்ணிக்கை இங்கேதான் பெருகுகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு பில் போடும் சேவைக் கம்பெனிகளில் இந்தச் சாய்வு இன்னும் அதிகம். அங்கே அதிக ஆட்களை நடத்துபவரால் வருமானம் நேரடியாகத் தெரிகிறது. பதினைந்து வருட அனுபவமுள்ள, தானே நிரல் எழுதும் நிபுணரின் சம்பளத்தை எந்த வாடிக்கையாளர் தலையில் கட்டுவது என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிபுணராகவே உயர விரும்புபவர், ஏணியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கம்பெனியை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

மேனேஜர் ஆகிவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் சமீப வருடங்களில் ஆட்டம் கண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் மெட்டாவின் மார்க் ஸக்கர்பெர்க், அடுக்குகளைக் குறைப்பதற்காகப் பல மேனேஜர்களைத் தனிப் பொறியாளர்களாக மாறச் சொல்லப்போவதாக ஊழியர்களுக்கு எழுதினார். 2024 செப்டம்பரில் அமேசானின் ஆண்டி ஜாஸ்ஸி, மேனேஜர்களோடு ஒப்பிடும்போது தனிப் பொறியாளர்களின் விகிதத்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டுக்குள் குறைந்தது 15 சதவீதம் கூட்ட வேண்டும் என்று அறிவித்தார். ஆள் எண்ணிக்கை பெருகும்போது தாமாகப் பிறந்த மேனேஜர் இடங்கள், எண்ணிக்கை சுருங்கும்போது தாமாகவே மறைகின்றன. அப்படி ஒரு நாள் வரும்போது, ஏழு வருடமாக நிரல் பக்கமே போகாத மேனேஜரின் நிலைமை கஷ்டம். வெளியே இன்டர்வியூவுக்குப் போனால் மேனேஜர் இடங்களும் குறைந்திருக்கும், பொறியாளர் இடத்துக்குக் கை பழகியிருக்காது.

இதற்கு மருந்து சொன்னவர்களில் சாரிட்டி மேஜர்ஸ் என்ற பொறியாளர் முக்கியமானவர். 2017இல் எழுதிய ஒரு கட்டுரையில், நல்ல தொழில்நுட்பத் தலைவர்கள் பொறியாளர் வேலைக்கும் மேனேஜர் வேலைக்கும் இடையே சில வருடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிப் போவதே நல்லது என்று அவர் வாதிட்டார். ஆட்களை நடத்திப் பார்த்த பொறியாளருக்கு, ஒரு திட்டத்தை மூன்று குழுக்களை ஏற்க வைப்பது எளிதாகிறது. அண்மையில் நிரல் எழுதிய மேனேஜருக்கு, இரண்டு வாரத்தில் முடியாத வேலையை இரண்டு வாரத்தில் கேட்கக்கூடாது என்று தெரிகிறது. இதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: திரும்பி வருவது இறக்கமாகக் கருதப்படாத கம்பெனியாக இருக்க வேண்டும். சம்பளம் குறையாது என்று விதியில் இருந்தாலும், “பாவம், மேனேஜரா தாக்குப்பிடிக்க முடியல” என்று கேன்டீனில் பேசும் இடத்தில் யாரும் திரும்பி வரத் துணிய மாட்டார்கள். மேனேஜராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் உயர்வும் பெற்ற ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் சோழிங்கநல்லூர் பொறியாளர் இந்த இரண்டில் ஒன்றை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் உண்மையில் இல்லை. மேலதிகாரி அவசரப்படுத்துவார், அவருக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. புது மேனேஜர் கிடைக்கும் வரை ஆறு மாதம் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் கேட்கலாம். பல கம்பெனிகள் இதற்கு ஒப்புக்கொள்கின்றன. ஒரு மேனேஜர் பிரசவ விடுப்பில் போகும்போது அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்வது இன்னும் நல்ல வாய்ப்பு, ஏனென்றால் முடியும் தேதி முன்கூட்டியே தெரியும். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு அப்ரைசல் சீசனாவது வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்குக் குறைந்த மதிப்பீடு கொடுத்து அதை நேரில் சொல்லாதவரைக்கும், மேனேஜர் வேலையின் கடினமான பகுதியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். ஆறு மாதம் முடிந்து திரும்பினால் அதே ஐந்தாம் படி, அதே சம்பளம். இந்தக் காலத்தில் அவர் செய்யும் தொழில்நுட்ப வேலையும், அடையாள எண் திட்டம் உட்பட, நிபுணர் உயர்வுக்கான கணக்கில் சேரும். தொடர்ந்து மேனேஜராக இருக்க முடிவெடுத்தால் ஆறாம் படி, 48 லட்சம், பொறுப்பேற்ற நாளிலிருந்தே கணக்கிடப்படும். இந்த மூன்றில் இரண்டாவதற்குத்தான் மேலதிகாரி தயங்குவார். அவர் எதற்குத் தயங்குகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தக் கம்பெனியில் இரண்டாவது ஏணி எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.